ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது?

(வணிகர்களும் கணக்கர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு முடிவில் நம் கடைகளில் தவறாமல் எழும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் இன்று பேச வந்திருக்கிறேன். குடோனில் எழுதும் ஸ்டாக் லெட்ஜர் ஒரு தொகையைச் சொல்கிறது. அலுவலகத்துக் கணக்கு வேறொரு தொகையைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது?

பல இடங்களில் இதற்கு விடை தேடுவதே இல்லை. ‘ஸ்டாக் வித்தியாசம்’ என்று ஒரே ஒரு பதிவு போட்டு, இரண்டு தொகையையும் சமமாக்கிவிட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வியாபாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் தொகை சிறியதுதானே என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் தவறு என்பதை இன்று எண்களைக் கொண்டே காட்ட விரும்புகிறேன். வித்தியாசம் சிறியதாக இருந்தால் தவறும் சிறியதாக இருக்கும் என்று பொருள் இல்லை. பெரிய தவறுகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதும் சிறிய தொகைதான்.

நம் கையிலுள்ள கணக்கு

துவரம் பருப்பு மொத்த வியாபாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு கடையின் கணக்கும் அல்ல இது. பல கடைகளில் நடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, மனத்தில் நிற்பதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். சரக்கு 50 கிலோ மூட்டை. பேச்சு சிக்கலாகாமல் இருக்க, வரி சேராத சரக்கு என்றே வைத்துக்கொள்வோம்.

குடோன் ஒரு தெருவில், அலுவலகம் வேறொரு தெருவில். லாரி வந்து சரக்கு இறங்கியதும் குடோன் பொறுப்பாளர் சரக்கு வரவுச் சீட்டு போடுகிறார். சரக்கு வெளியே போகும்போது டெலிவரி சலான் எழுதுகிறார். இந்த இரண்டையும் பார்த்துத்தான் ஸ்டாக் லெட்ஜரில் வரவும் செலவும் ஏறுகின்றன. அலுவலகத்தில் இருப்பவர் இந்தச் சீட்டுகளைப் பார்ப்பதில்லை. மில்லிலிருந்து வரும் கொள்முதல் பில்லையும், தாம் போடும் விற்பனைப் பில்லையும் வைத்துக் கணக்கெழுதுகிறார். ஆக, ஒரே சரக்கின் கதையை இரண்டு பேர் வெவ்வேறு தாள்களைப் பார்த்து எழுதுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் குற்றமில்லை. ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கலாம் என்பதால் அது நல்லதும்கூட. ஆனால் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால், இரண்டையும் உட்கார்ந்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 1 அன்று இரண்டு புத்தகங்களிலும் தொடக்க இருப்பு 200 மூட்டை. மூட்டை ரூ.6,000 வீதம் 12 லட்சம். இங்கே வித்தியாசம் இல்லை. இதை முதலில் உறுதிசெய்துகொள்வது முக்கியம். தொடக்க இருப்பிலேயே இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மார்ச் மாதத் தாள்களைப் புரட்டிப் பயனில்லை, கடைசியாக ஒத்துப்போன தேதிக்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மார்ச் மாதத்தில் அலுவலகம் 300 மூட்டைக்குக் கொள்முதல் பில் ஏற்றியிருக்கிறது. விற்பனைப் பில் 410 மூட்டைக்கு. அதில் 10 மூட்டை திரும்பி வந்ததாகக் கிரெடிட் நோட் கொடுத்திருக்கிறது, ஆகவே நிகர விற்பனை 400. இருநூறும் முந்நூறும் ஐந்நூறு, அதில் நானூறு போக அலுவலகக் கணக்கில் 100 மூட்டை இருக்க வேண்டும். குடோன் லெட்ஜரிலோ வரவு 338, செலவு 430, இருப்பு 108 மூட்டை.

மதிப்பில் பார்த்தால், குடோன் இருப்பை மூட்டை ரூ.6,000 என்று வைத்து ரூ.6,48,000 என்கிறார் முதலாளி. அலுவலகக் கணக்கில் சராசரி விலை ரூ.5,980 என்று வந்திருக்கிறது. அதன்படி 100 மூட்டைக்கு ரூ.5,98,000. வித்தியாசம் சரியாக 50,000 ரூபாய்.

மதிப்பில் தேடாதீர்கள், மூட்டையில் தேடுங்கள்

இந்த இடத்தில் பலர் செய்யும் முதல் பிழை, 50,000 ரூபாய்க்கு ஏதாவது பில் இருக்கிறதா என்று தேடத் தொடங்குவது. அப்படி ஒரு பில் கிடைக்கவே கிடைக்காது. தற்செயலாகக் கிடைத்தால் இன்னும் ஆபத்து, தொடர்பே இல்லாத ஒன்றைக் காரணமாக எழுதிவிடுவோம்.

மதிப்பு என்பது அளவும் விலையும் பெருக்கி வருவது. ஆகவே மதிப்பு வித்தியாசத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மூட்டை வித்தியாசம் 8. அதை ரூ.6,000 ஆல் பெருக்கினால் ரூ.48,000. விலை வித்தியாசம் மூட்டைக்கு ரூ.20. அதை அலுவலகக் கணக்கின் 100 மூட்டையால் பெருக்கினால் ரூ.2,000. இரண்டும் சேர்ந்தால் 50,000. இப்போது நம் முன்னால் ஒரு கேள்விக்குப் பதிலாக இரண்டு தெளிவான கேள்விகள் இருக்கின்றன. எட்டு மூட்டை எங்கே? இருபது ரூபாய் எப்படி?

பிரிப்பதற்கு முன்பேகூட ஓர் அடையாளம் தெரியும். வித்தியாசத் தொகையை ஒரு மூட்டையின் விலையால் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால், மூட்டை எண்ணிக்கையில் மட்டும் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே 50,000-ஐ 6,000 ஆல் வகுத்தால் எட்டேகால் மூட்டைக்கும் கொஞ்சம் மேலே வருகிறது. கால் மூட்டை யாரும் விற்கவில்லை. அப்படியானால் விலையிலும் ஏதோ கலந்திருக்கிறது என்று அப்போதே சொல்லிவிடலாம். ஐந்து சதவீத வரி உள்ள சரக்கில் வித்தியாசம் இருப்பு மதிப்பில் ஏறக்குறைய ஐந்து சதவீதமாக நின்றால், ஒரு பக்கம் வரியைச் சேர்த்தும் மறுபக்கம் சேர்க்காமலும் விலை போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டி, புத்தகத்தில் சரக்கின் அடக்கவிலையில் சேராது.

கொள்முதல் பக்கம்

முதலில் சரக்கு வரவுச் சீட்டுகளையும் கொள்முதல் பில்களையும் எதிரெதிரே வையுங்கள். மில்லின் பெயர், பில் எண், லாரி எண், மூட்டை எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, இரண்டு தாளிலும் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லாம் முடிந்ததும், டிக் விழாமல் நிற்கும் தாள்களும் டிக் விழுந்தும் எண்ணிக்கை ஒத்துப்போகாத தாள்களும் மட்டுமே நமக்கு வேலை.

அலுவலகத்தில் மூன்று பில்கள், ஒவ்வொன்றும் 100 மூட்டை. குடோனில் நான்கு சீட்டுகள்: 100, 98, 100, 40.

நாற்பது மூட்டைச் சீட்டுக்கு எதிரே பில் இல்லை. தேதி மார்ச் 30. லாரியோடு பில் வரவில்லை, மில்காரர் தபாலில் அனுப்பி ஏப்ரல் 4 அன்று வந்து சேர்ந்திருக்கிறது. அலுவலகம் அதை ஏப்ரல் கணக்கில் ஏற்றிவிட்டது. சரக்கு மார்ச்சிலேயே நம் குடோனுக்கு வந்து நமக்குச் சொந்தமாகிவிட்டது. ஆகவே அதன் கொள்முதலும், மில்லுக்குக் கொடுக்க வேண்டிய கடனும் மார்ச் கணக்கிலேயே வர வேண்டும். குடோன் சரி, அலுவலகம்தான் திருத்த வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பலருடைய தேடல் குழம்பிப்போவது இங்கேதான். நாற்பது மூட்டையின் மதிப்பு ரூ.2,40,000. நாம் தேடிய வித்தியாசமோ வெறும் 50,000. கண்டுபிடித்த காரணம் வித்தியாசத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிதாக இருக்கிறது. ‘அப்படியென்றால் இது காரணமாக இருக்க முடியாது’ என்று ஒதுக்கிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மை அதற்கு நேர்மாறானது. வித்தியாசத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைத்தால், எதிர்த்திசையில் இழுக்கும் வேறு தவறுகளும் இருக்கின்றன என்று பொருள். தேடலை இன்னும் கவனமாகத் தொடர வேண்டும்.

அடுத்து 98 மூட்டைச் சீட்டு. பில்லில் 100, சீட்டில் 98. லாரி ரசீதை எடுத்துப் பார்த்தால் விவரம் இருக்கிறது: தார்ப்பாய் ஒழுகி இரண்டு மூட்டை நனைந்திருந்தது, குடோன் பொறுப்பாளர் ஏற்றுக்கொள்ளாமல் அதே லாரியில் திருப்பி அனுப்பி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அந்த லாரி ரசீது அலுவலகத்துக்குப் போகவில்லை. அலுவலகம் பில்லில் இருந்த 100-ஐ அப்படியே ஏற்றி, நூறு மூட்டைக்கும் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறது. மில்லுக்கு ரூ.12,000-க்கு டெபிட் நோட் அனுப்பியிருக்க வேண்டும். இதுவும் அலுவலகம் திருத்த வேண்டியது.

ஆக, பில்லைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்கக் கூடாது. சரக்கு வரவுச் சீட்டு பில்லோடு பொருந்திய பிறகே பணம் போக வேண்டும். வரிச் சரக்கானால் இன்னொரு காரணமும் உண்டு. சரக்கு கையில் வந்திருந்தால்தான் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 16-ஆம் பிரிவிலுள்ள நிபந்தனை.

விற்பனைப் பக்கம்

இப்போது டெலிவரி சலான்களையும் விற்பனைப் பில்களையும் அதே போல் பொருத்துங்கள். இங்கே கூடுதலாக ஒரு வேலை உண்டு. இரண்டுமே நாம் எண் போட்டு எழுதும் தாள்கள். ஆகவே எண் வரிசை விடுபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மில் அனுப்பும் பில்லில் எண் விட்டுப்போனால் நமக்குத் தெரிய வழியில்லை. நம் சலான் புத்தகத்தில் ஒரு தாள் காணாமல் போனால் அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

சலான்களில் 430 மூட்டை, பில்களில் 410. பொருந்தாமல் நிற்பது ஒரே ஒரு சலான், 20 மூட்டை. மார்ச் 31 மாலை, வாங்குபவர் தம் வண்டியையே அனுப்பி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அலுவலகம் அதற்குள் பூட்டியாகிவிட்டது. பில் ஏப்ரல் 2 தேதியில் போட்டிருக்கிறது. வாங்கியவரின் வண்டியில் ஏறிய அந்தச் சரக்கு மார்ச்சிலேயே நம் கையை விட்டுப் போய்விட்டது, ஆகவே அது மார்ச் விற்பனை. சரக்கை நாமே கொண்டுபோய் அவர் கடையில் இறக்க வேண்டும், அதுவரை பொறுப்பு நமக்கு என்ற ஒப்பந்தமாக இருந்தால் விடை மாறும். வழியில் இருக்கும் சரக்கு அப்போது நம்முடைய இருப்பு. ஆகவே சலானைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்த நிபந்தனையில் விற்றோம் என்பதையும் கேட்க வேண்டும். வரிச் சரக்கில் இப்படிப் பில் தாமதமாவதே தவறு. சரக்கு கிளம்பும் முன்போ கிளம்பும்போதோ பில் போட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது.

கடைசியாகத் திரும்பி வந்த சரக்கு. அலுவலகத்தில் 10 மூட்டைக்குக் கிரெடிட் நோட் இருக்கிறது. குடோனில் அதற்கு வரவுச் சீட்டு இல்லை. கேட்டுப் பார்த்தால், கேட்டதைவிட அதிகமாக வந்துவிட்டது என்று ஒரு மளிகைக் கடைக்காரர் லோடு ஆட்டோவில் திருப்பி அனுப்பிய மூட்டைகள் அவை. சரக்கு இறங்கி, சுவரோரம் அடுக்கியும் ஆகிவிட்டது. நம் சரக்குதானே திரும்பி வந்தது, புதிதாக ஒன்றும் வாங்கவில்லையே என்று சீட்டு எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இங்கே அலுவலகம் சரி, குடோன் லெட்ஜரைத் திருத்த வேண்டும். வண்டு விழுந்தது என்று திரும்பி வந்திருந்தால், எண்ணிக்கையை ஏற்றியபிறகு மதிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். இருப்பை அடக்கவிலைக்கும், விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலைக்கும் எது குறைவோ அதில் வைக்க வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை 2-இன் அடிப்படை விதி.

இப்போது நான்கு காரணங்களையும் அடுக்கிப் பார்ப்போம். குடோன் லெட்ஜரை அலுவலகக் கணக்கைவிட உயர்த்துவது 40. தாழ்த்துவது 20, 10, 2. கூட்டிக் கழித்தால் எட்டு. நாம் தேடிய எட்டு மூட்டை இதுதான். ஆனால் தவறாக நின்றவை எட்டு மூட்டையல்ல, எழுபத்திரண்டு. ரூ.48,000 என்று தெரிந்ததற்குப் பின்னால் ரூ.4,32,000 மதிப்புள்ள பதிவுகள் தவறாக இருந்தன.

திருத்திய கணக்கு இப்படி நிற்கும்:

அலுவலக இருப்பு 100
கூட்டு: மார்ச்சில் வந்து பில் ஏறாத சரக்கு 40
கழிவு: போய்விட்டு மார்ச்சில் பில் போடாத சரக்கு 20
கழிவு: ஏற்காமல் திருப்பிய நனைந்த மூட்டை 2
திருத்திய இருப்பு 118

குடோன் இருப்பு 108
கூட்டு: திரும்பி வந்து வரவு எழுதாத சரக்கு 10
திருத்திய இருப்பு 118

இரண்டு புத்தகங்களும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே எண்ணில் சேர்கின்றன. இந்த நிலைக்கு வந்த பிறகுதான் மூட்டைக் கணக்கு முடிந்தது என்று சொல்லலாம். ஒரு புத்தகத்தை மற்றொன்றுக்கு ஒத்துப்போகும்படி மாற்றுவது ஒத்துப் பார்ப்பது ஆகாது. இரண்டையுமே உண்மையை நோக்கி நகர்த்த வேண்டும்.

இருபது ரூபாய் எங்கே போனது?

இனி விலை. மூன்று கொள்முதல் பில்களில் இரண்டு, குடோனில் கொண்டுவந்து இறக்கும் விலை, மூட்டை ரூ.6,000. மூன்றாவது மில் விலை, ரூ.5,900. அதற்கு லாரி வாடகையை நாமே கொடுத்திருக்கிறோம், மூட்டைக்கு ரூ.100 வீதம் ரூ.10,000. அலுவலகம் இந்தப் பத்தாயிரத்தை ‘லாரி வாடகைச் செலவு’ என்ற தனிக் கணக்கில் எழுதிவிட்டது. அதனால் அந்த நூறு மூட்டை மட்டும் ரூ.5,900 என்று இருப்பில் ஏறிவிட்டது.

சரக்கை நம் குடோன் வரை கொண்டுவர ஆகும் செலவு அதன் அடக்கவிலையில் சேர வேண்டும். விற்ற சரக்கை வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்க்கும் வாடகை சேரக் கூடாது, அது விற்பனைச் செலவு. இரண்டையும் ஒரே ‘வண்டி வாடகை’ கணக்கில் எழுதும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கிறது. பிரித்து எழுதத் தொடங்கினாலே விலை வித்தியாசங்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

பத்தாயிரம் ரூபாய் தவறினால் வித்தியாசமும் பத்தாயிரமாக இருக்க வேண்டாமா, ஏன் இரண்டாயிரம் மட்டும் தெரிகிறது என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அலுவலகம் சராசரி விலையில் கணக்கிடுகிறது. பத்தாயிரம் ரூபாய்க் குறைவு 500 மூட்டைக்கும் பரவி மூட்டைக்கு ரூ.20 ஆனது. அதில் 400 மூட்டை விற்றுப்போய்விட்டது. அவற்றின் பங்கான ரூ.8,000, விற்ற சரக்கின் அடக்கவிலையில் குறைந்து, லாரி வாடகைச் செலவில் கூடி, லாபத்தில் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. கையிலிருக்கும் 100 மூட்டையின் பங்கு மட்டும் இருப்பில் தெரிகிறது. விலைத் தவறு ஆண்டுக் கடைசியில் நடந்தால் அதிகமாகத் தெரியும், ஆண்டுத் தொடக்கத்தில் நடந்தால் விற்பனையோடு கரைந்து கொஞ்சமாகத் தெரியும். ஆகவே சராசரி விலை முறையில், விலை வித்தியாசத்தின் அளவைப் பார்த்துத் தவறின் அளவை மதிப்பிட முடியாது. மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

எண்ணிப் பார்த்தபோது

இப்போதுதான் குடோனுக்குள் போகிறோம். மார்ச் 31 இரவு எண்ணியபோது கையில் இருந்தது 116 மூட்டை.

இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். திருத்தாத அலுவலகக் கணக்கோடு ஒப்பிட்டால் 16 மூட்டை அதிகம். திருத்தாத குடோன் லெட்ஜரோடு ஒப்பிட்டால் 8 மூட்டை அதிகம். இரண்டிலுமே சரக்கு கூடுதலாக இருக்கிறது என்றுதான் தெரியும், முதலாளி நிம்மதியாகத் தூங்கப் போவார். திருத்திய 118-ஓடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரிகிறது. இரண்டு மூட்டை குறைகிறது. ரூ.12,000 மதிப்புள்ள சரக்குக் குறைவு, ‘அதிகம்’ என்ற போர்வைக்குள் மறைந்திருந்தது. தாள்களை ஒத்துப் பார்க்காமல் சரக்கை மட்டும் எண்ணுவதால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு மூட்டையைத் தேடும் முறையும் வேறு. பருப்பு காய்ந்து எடை குறையும் என்பார்கள். கிலோவில் கணக்கு வைத்தால் அது பொருந்தும். மூட்டை எண்ணிக்கை காய்ந்து குறையாது. ஆகவே சில்லறைக்காகப் பிரித்த மூட்டை உண்டா, மாதிரிக்கு எடுத்துப் பதிவு செய்யாமல் விட்டதுண்டா என்று பாருங்கள். பிறகு, பெரிய வாடிக்கையாளர்களிடம் அவர்கள் புத்தகப்படி நம்மிடமிருந்து எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். சலானில் 10 என்று எழுதி 12 ஏற்றியிருந்தால் அதில் தெரியலாம். எதிலும் கிடைக்கவில்லை என்றால் அதைச் சரக்கு இழப்பு என்று தனியாகக் காட்ட வேண்டும், வேறொன்றோடு கலக்கக் கூடாது. வரிச் சரக்கானால் தொலைந்த, திருடுபோன, கணக்கிலிருந்து நீக்கிய சரக்கின் உள்ளீட்டு வரி கிடைக்காது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்வதால், எடுத்திருந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அத்தகைய சரக்கை இருப்புக் கணக்கில் காட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 56-உம் கேட்கிறது.

கணினியில் செய்பவர்களுக்கு ஒரு சொல்

குடோனும் அலுவலகமும் ஒரே டாலியில் பதிவு செய்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைக்கலாம். தொல்லை குறையும், ஆனால் வேறு வடிவத்திலும் வரும். சரக்கு வந்ததும் `Receipt Note` போட்டு, பில் வந்ததும் கொள்முதல் பதிவு போடும்போது இரண்டிலும் ஒரே `Tracking No.` கொடுக்க வேண்டும். கொள்முதல் பதிவில் அந்த இடத்தில் `Not Applicable` என்று விட்டுவிட்டால், மென்பொருள் அதைப் புதுச் சரக்கு என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் இருப்பை ஏற்றிவிடும். நாற்பது மூட்டை எண்பதாகும். `Purchase Bills Pending`, `Sales Bills Pending` என்ற இரண்டு பட்டியல்களையும் மாத முடிவில் எடுத்துப் பாருங்கள். பில் வந்து ஏற்றிய பிறகும் ஒரு வரவு அங்கே நிலுவையாக நின்றால், இருமுறை ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த முறையால் எதைக் காண முடியாது

தாள்களை ஒத்துப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு பக்கம் தாள் இருந்தால்தான் விடுபட்டது தெரியும். வரவுச் சீட்டும் இல்லாமல் பில்லும் இல்லாமல் வந்த சரக்கு, சலானும் இல்லாமல் பில்லும் இல்லாமல் போன சரக்கு, இவற்றை எந்தத் தாளும் சொல்லாது. எண்ணிக்கை மட்டுமே சொல்லும். சரக்கின் பெயர் மாறி எழுதினாலும் மொத்த மூட்டை எண்ணிக்கையில் தெரியாது. துவரையைக் கடலை என்று எழுதினால் ஒன்றில் குறைவும் மற்றொன்றில் அதே எண்ணிக்கை அதிகமும் வரும். அதனால்தான் சரக்கு வாரியாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஒரே அளவு கூடுதலும் குறைவும் இரண்டு சரக்குகளில் தெரிந்தால், பெயர் மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

எல்லை தேதியைப் பிடிக்க ஓர் எளிய ஏற்பாடு போதும். மார்ச் 31 இரவு எண்ணி முடித்ததும், கடைசி வரவுச் சீட்டின் எண், கடைசி சலானின் எண், கடைசி விற்பனைப் பில்லின் எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, குடோன் பொறுப்பாளரும் அலுவலகக் கணக்கரும் கையெழுத்துப் போடட்டும். வரவுச் சீட்டிலும் சலானிலும் அந்த எண்கள் வரை இருப்பவை எல்லாம் மார்ச், பின்னால் இருப்பவை எல்லாம் ஏப்ரல். நம் கணக்கில் வந்த நாற்பதும் இருபதும் இந்த ஒரே தாளில் அன்றே தெரிந்திருக்கும்.

லாபத்தில் என்ன ஆகிறது?

நிறைவாக, இத்தனை உழைப்பும் எதற்கு என்பதை லாபக் கணக்கில் காட்டிவிடுகிறேன்.

நாற்பது மூட்டையைக் கொள்முதலில் சேர்த்தால் கொள்முதலும் இருப்பும் ஒரே அளவு கூடும். லாபம் மாறாது, ஆனால் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய கடன் ரூ.2,40,000 கூடும். நனைந்த இரண்டு மூட்டைக்கு டெபிட் நோட் போட்டால் கொள்முதலும் இருப்பும் சமமாகக் குறையும். லாபம் மாறாது. திரும்பிய பத்து மூட்டை அலுவலகக் கணக்கில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. பில் போடாத இருபது மூட்டையை மூட்டை ரூ.6,300-க்கு விற்றிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் விற்பனையில் சேர்த்தால் லாபம் ரூ.6,000 கூடும். லாரி வாடகையை அடக்கவிலையில் சேர்த்தால் இன்னொரு ரூ.2,000 கூடும். குறைந்துபோன இரண்டு மூட்டையால் ரூ.12,000 குறையும். கூட்டிக் கழித்தால் லாபம் ரூ.4,000 குறைகிறது.

அன்றைக்கே ‘ஸ்டாக் வித்தியாசம்’ என்று ஒரே பதிவு போட்டு, அலுவலகக் கணக்கை ரூ.6,48,000-க்கு உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லாபம் 50,000 ரூபாய் கூடியிருக்கும். இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்டியிருப்போம். நனையாத மூட்டைக்கும் நனைந்த மூட்டைக்கும் ஒரே மாதிரி பணம் கொடுத்திருப்போம். மில்லுக்குக் கொடுக்க வேண்டிய ரூ.2,40,000 கடன் புத்தகத்தில் தெரியாமலே இருந்திருக்கும். குடோனில் காணாமல் போன இரண்டு மூட்டையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வித்தியாசம் என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்தத் தொகை, நம் கடையில் எந்தத் தாள் எங்கே நின்றுபோகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. லாரி ரசீது அலுவலகத்துக்குப் போவதில்லை, மாலையில் போகும் சரக்குக்குப் பில் போட ஆள் இல்லை, திரும்பி வரும் சரக்குக்குச் சீட்டு போடும் பழக்கம் இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் தொகையை மட்டும் சரிசெய்தால், அடுத்த மார்ச்சிலும் இதே வித்தியாசம் வேறொரு எண்ணில் வந்து நிற்கும். ஆகவே ஒத்துப் பார்த்த அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தாளின் எண்ணை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், அந்தத் தாள் ஏன் உரிய இடத்துக்குப் போகவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். தொகை ஒத்துப்போனால் கணக்கரின் வேலை முடிந்துவிடலாம். அந்த இரண்டாவது வரிக்குத் தீர்வு காணும்வரை முதலாளியின் வேலை முடிவதில்லை.